சாங்ஷன் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்: ஈடு, நிபந்தனை, ஜாமீன்

தொழில் கடனுக்கு வங்கி தரும் சாங்ஷன் லெட்டரில் கடன் தொகை, வட்டி, தவணை மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கும். எந்தச் சொத்து ஈடு, யார் யார் ஜாமீன், எதையெல்லாம் செய்யக் கூடாது என்பவை பின்பக்கங்களில் நெருக்கமான எழுத்தில் வரும். வட்டியில் கால் சதவீதம் குறைக்க வாரக்கணக்கில் பேசுபவர்கள்கூட அந்தப் பக்கங்களைப் படிக்காமல் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று கையெழுத்திட்டுவிடுகிறார்கள். ஒரு கோடி ரூபாய்க் கடனில் கால் சதவீதம் என்பது வருடத்துக்கு 25,000 ரூபாய். பின்பக்கங்களில் இருப்பது குடியிருக்கும் வீடு.

ஈடு, நிபந்தனை, ஜாமீன் மூன்றையும் தனித்தனிக் காகிதங்களாகப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இவை ஒன்றுக்குள் ஒன்று கோத்தவை. கடன் எப்போது கெடும் என்பதை நிபந்தனைகள் தீர்மானிக்கின்றன. கெட்டால் முதலில் எது போகும் என்பதை ஈடு தீர்மானிக்கிறது. அது போதாவிட்டால் யாரிடம், எவ்வளவு தூரம் வருவார்கள் என்பதை ஜாமீன் தீர்மானிக்கிறது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, பிரைவேட் லிமிடெட். அண்ணன், தம்பி இருவரும் டைரக்டர்கள். நடைமுறைச் செலவுக்கு வேண்டும்போது எடுத்து, பணம் வரும்போது கட்டும் சி.சி. என்ற கேஷ் கிரெடிட் லிமிட் 60 லட்சம், மெஷின் வாங்க தவணையில் கட்டும் டேர்ம் லோன் 40 லட்சம் கேட்கிறார்கள். ஈடாக அப்பா பெயரில் இருக்கும் வீடு. சந்தை மதிப்பு 1 கோடியே 20 லட்சம். ஜாமீனுக்கு அண்ணன், தம்பி, அப்பா, இரண்டு மருமகள்கள் என ஐந்து பேர். மச்சான் ஏற்கெனவே கம்பெனிக்கு 15 லட்சம் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். இது கற்பனைக் கம்பெனிதான். ஆனால் கொங்கு நாட்டில் இந்த அமைப்பில் கடன் வாங்கிய குடும்பங்கள் ஏராளம்.

வீடு எந்தக் கடனுக்கு ஈடு?

இந்தக் கடனில் இரண்டு வகை ஈடு இருக்கிறது. கடன் பணத்தில் வாங்கும் நூல், துணி, தைத்த சரக்கு, வரவேண்டிய பாக்கி, மெஷின் ஆகியவை முதல் வகை. இவை கம்பெனி கையிலேயே இருக்கும். வங்கிக்கு அவற்றின் மேல் உரிமை மட்டும் எழுதித் தரப்படும். இதை ஹைப்பாத்திகேஷன் என்பார்கள். இரண்டாவது வகை, கூடுதல் பாதுகாப்புக்காக வங்கி கேட்கும் சொத்து. இங்கே அப்பாவின் வீடு.

வீட்டை எழுதிக் கொடுப்பதில்லை, அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்கிறார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 58(f)-இன்படி கடனுக்கு ஈடு என்ற எண்ணத்தோடு பத்திரத்தைக் கொடுத்தாலே அது அடமானம். தமிழ்நாட்டில் அதற்கான ஒப்படைப்புக் குறிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். மத்திய அரசின் செர்சாய் பதிவேட்டிலும் வங்கி இதைப் பதியும். கடன் வாங்குவது கம்பெனி என்பதால், கம்பெனியின் சொத்துகள் மீதான உரிமை CHG-1 படிவம் வழியாகக் கம்பெனிப் பதிவாளரிடமும் 30 நாளுக்குள் போக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய வரி ஒன்றே ஒன்று. ‘இந்தக் கடன் மட்டுமின்றி, கடன்தாரர் வங்கிக்கு இப்போதும் இனிமேலும் தர வேண்டிய எல்லா பாக்கிகளுக்கும்’ ஈடு என்ற வாசகம். பெரும்பாலான அச்சடித்த படிவங்களில் இது இருக்கிறது. ஐந்து வருடத்தில் மெஷின் கடனை முழுதாகக் கட்டி முடித்த பிறகு, வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால் வங்கி தராது, சி.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. சி.சி. லிமிட் வருடாவருடம் புதுப்பிக்கப்படுவது, அதற்கு முடிவுத் தேதி கிடையாது. இதற்கிடையில் தம்பி தனியாகத் தொடங்கிய இன்னொரு நிறுவனத்துக்கு இந்தக் கம்பெனி ஜாமீன் போட்டிருந்தால், அந்தப் பாக்கியும் அப்பாவின் வீட்டின் மேல் உட்காரும்.

பேசிப் பார்க்க வேண்டியது இங்கேதான். வீடு எந்த இரண்டு கடனுக்கு ஈடு என்பதை எண்ணோடு குறிப்பிடச் சொல்லுங்கள். எப்போது விடுவிக்கப்படும் என்ற நிபந்தனையையும் சாங்ஷன் லெட்டரிலேயே கேளுங்கள். ‘டேர்ம் லோன் முடிந்து, சி.சி. லிமிட் இவ்வளவுக்குக் கீழ் வந்தால் சொத்து விடுவிப்பு பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி கிடைத்தாலும் பின்னால் பேச ஒரு பிடி இருக்கும். கடன் முடிந்ததும் பத்திரத்தை 30 நாளில் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் உத்தரவு, தனிநபர் கடன்களுக்காக வந்தது. கம்பெனிக் கடனுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

வீட்டைக் கொடுக்காமலே கடன் கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேலான தொகைக்கு சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாத நிதியத்தின் பாதுகாப்பு இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி. ஒரு பகுதிக்கு மட்டும் சொத்தை வைத்துவிட்டு மீதிக்கு இந்தப் பாதுகாப்பை எடுக்கவும் வழி உண்டு. இதற்கு வருடா வருடம் கட்டணம் உண்டு, அது பெரும்பாலும் கடன்தாரர் தலையில்தான் விழும். அந்தக் கட்டணத்தையும் வீட்டை ஈடாக வைப்பதில் உள்ள ஆபத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், தொழில் புதியதாக இருக்கும் குடும்பங்களுக்குக் கட்டணமே மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான், கடன்தாரருக்கு இல்லை. நிதியம் வங்கிக்குப் பணம் கொடுத்த பிறகும் கடன் அப்படியே நிற்கும், டைரக்டர்களின் சொந்த ஜாமீனும் நிற்கும், வங்கி வசூலைத் தொடரும்.

தவணை தவறாமலே கடன் கெடுவது எப்படி?

நிபந்தனைகள் பக்கத்தில் பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும். விற்பனைப் பணம் முழுவதும் இந்தக் கணக்கு வழியாகவே வர வேண்டும். வங்கியின் அனுமதி இல்லாமல் வேறு எங்கும் கடன் வாங்கக் கூடாது. பங்குதாரர்கள், டைரக்டர்கள் மாறக் கூடாது. சரக்குக்கு வங்கியின் பெயரையும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். சரக்கு, பாக்கி போன்ற நடப்புச் சொத்துக்கும் விரைவில் கட்ட வேண்டிய கடனுக்கும் உள்ள நடப்பு விகிதம் இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது, மொத்தக் கடன் சொந்த முதலில் இத்தனை மடங்கைத் தாண்டக் கூடாது. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தர வேண்டும்.

இதில் ‘உறவினர், நண்பர்களின் கடன், வங்கிக் கடன் முடியும் வரை திருப்பித் தரப்படக் கூடாது’ என்ற வரியும் இருக்கும். மச்சானின் 15 லட்சத்தை வங்கி சொந்த முதலைப் போலக் கணக்கில் எடுத்துத்தான் லிமிட்டையே தீர்மானித்திருக்கிறது. அதனால் அவர் மகள் கல்யாணத்துக்குப் பணம் கேட்டு, கம்பெனிக் கணக்கிலிருந்து கொடுத்தால் அது நிபந்தனை மீறல். மச்சானிடம் இதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 15 லட்சத்தில் எவ்வளவு பூட்டப்படும், எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கியிடம் பேசி, அந்தத் தொகையை மட்டும் எழுத வைக்க வேண்டும்.

ஆனால் சி.சி. கணக்குகளை உண்மையில் கவிழ்ப்பது டிராயிங் பவர். 60 லட்சம் லிமிட் என்றால் எப்போதும் 60 லட்சம் எடுக்கலாம் என்று பொருள் இல்லை. அந்த மாதம் கையில் இருக்கும் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவுதான் எடுக்கலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சரக்கு 40 லட்சம். அதில் நூல் கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 12 லட்சம். பணம் கொடுத்த சரக்கு 28 லட்சம்தான் கணக்கில் சேரும். அதில் கம்பெனி தன் சொந்தப் பணமாகப் போட வேண்டிய பங்கு, அதாவது மார்ஜின், 25 சதவீதம் போக 21 லட்சம். பார்ட்டிகளிடமிருந்து வரவேண்டியது 70 லட்சம். அதில் 15 லட்சம் 90 நாளைத் தாண்டிய பாக்கி, அதை வங்கி கணக்கில் எடுக்காது. மீதி 55 லட்சத்தில் 40 சதவீதம் மார்ஜின் போக 33 லட்சம். இரண்டையும் கூட்டினால் 54 லட்சம். லிமிட் 60 ஆக இருந்தாலும் இந்த மாதம் எடுக்கக்கூடியது 54 லட்சம்தான். மார்ஜின் சதவீதம் வங்கிக்கு வங்கி மாறும், கணக்கு போடும் முறை இதுதான்.

அடுத்த இரண்டு மாதத்தில் ஒரு பெரிய பையர் பணத்தை இழுத்தடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு 20 லட்சம் 90 நாளைத் தாண்டிவிடுகிறது. கணக்கில் சேரும் பாக்கி 35 லட்சமாகக் குறைகிறது; மார்ஜின் போக 21 லட்சம். சரக்கு அதே அளவில் இருந்தால் டிராயிங் பவர் 42 லட்சம். ஏற்கெனவே எடுத்திருப்பது 54 லட்சம். ஒரு ரூபாய்கூடப் புதிதாக எடுக்காமலே 12 லட்சம் அதிகமாக எடுத்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

இந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால் ரிசர்வ் வங்கி விதிப்படி சி.சி. கணக்கு வாராக் கடன். அதைவிடப் பலருக்குத் தெரியாத விஷயம், வாராக் கடன் என்ற முத்திரை கணக்கு வாரியாக விழுவதில்லை, கடன்தாரர் வாரியாக விழுகிறது. அதனால் ஒரு தவணைகூடத் தவறாத மெஷின் கடனும் அதே நாளில் வாராக் கடன் ஆகிறது. இதே முடிவுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு பணம் எடுத்தால் அது முறையற்ற எடுப்பாகக் கருதப்படும். அது 90 நாள் தொடர்ந்தால் வாராக் கடன். லிமிட்டைப் புதுப்பிக்க வேண்டிய தேதி கடந்து 180 நாள் ஆகியும் புதுப்பிக்காவிட்டாலும் வாராக் கடன். பேலன்ஸ் ஷீட் தர ஆடிட்டர் தாமதித்ததால் இந்த வலையில் விழுந்த கணக்குகள் உண்டு.

திருப்பூர்த் தொழிலில் இன்னொரு பள்ளம். துணி எப்போதும் சொந்த குடோனில் இருப்பதில்லை. சாயப்பட்டறையில் ஒரு பகுதி, காம்பேக்டிங்கில் ஒரு பகுதி, பிரிண்டிங்கில் ஒரு பகுதி என்று ஜாப் ஒர்க் இடங்களில் கிடக்கும். சாங்ஷன் லெட்டரில் ‘நிறுவன வளாகத்தில் உள்ள சரக்கு’ என்று மட்டும் இருந்தால், ஆய்வுக்கு வரும் அதிகாரி வெளியே இருக்கும் துணியைக் கழித்துவிடலாம். 40 லட்சம் சரக்கில் 15 லட்சம் வெளியே இருந்தால் டிராயிங் பவர் ஒரே நாளில் சரியும். தீ விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் பாலிசியில் எழுதிய முகவரிக்குத்தான் பணம் தரும்.

எனவே கையெழுத்துக்கு முன் கடந்த பன்னிரண்டு மாதங்களின் சரக்கு, பாக்கி விவரத்தை எடுத்து, வங்கி சொல்லும் முறையில் ஒவ்வொரு மாதத்துக்கும் டிராயிங் பவர் போட்டுப் பாருங்கள். எந்த மாதத்திலாவது அது உங்கள் தேவைக்குக் கீழே போனால், கடன் வாங்கிய பிறகும் போகும். உங்கள் பையர்கள் வழக்கமாக 110 நாளில் பணம் தருபவர்கள் என்றால் 90 நாள் வரம்பு உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது. 120 நாள் கேளுங்கள், பழைய பில்களையும் பணம் வந்த தேதிகளையும் காட்டிக் கேளுங்கள். ஜாப் ஒர்க் இடங்களில் உள்ள சரக்கைச் சேர்க்கச் சொல்லி முகவரிகளோடு எழுத வையுங்கள். தொழில் ஓட்டத்தை ஆதாரத்தோடு காட்டும்போது வங்கிகள் இதை மறுப்பது குறைவு. சாங்ஷனுக்குப் பிறகு கேட்டால் அதே விஷயம் ‘நிபந்தனைத் தளர்வு’ ஆகி, மேலிடத்துக்குப் போய் மாதக்கணக்கில் நிற்கும்.

நிபந்தனை மீறலுக்கு வங்கி அபராதம் போடலாம். ஆனால் 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களில் அதை வட்டி விகிதத்தோடு சேர்த்து ஏற்றக் கூடாது. தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அதன் மேல் மறுபடி வட்டி ஏறக் கூடாது. எந்த மீறலுக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஒரு மீறலைச் சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம் என்பதையும் கேளுங்கள். பல படிவங்களில் அவகாசமே இருக்காது, 30 நாள் கேட்பது நியாயமான கோரிக்கை.

ஜாமீன்: ஐந்து கையெழுத்துகள்

ஜாமீன் பற்றி நம் ஊரில் பரவலாக இருக்கும் நம்பிக்கை, ‘முதலில் கம்பெனியிடம் கேட்பார்கள், அது முடியாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள்’ என்பது. சட்டம் அப்படி இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128 ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்தாரரின் பொறுப்பும் சமம் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. கடன்தாரரிடம் வசூலிக்க முயன்று தோற்ற பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1969-இலேயே பேங்க் ஆஃப் பீகார் வழக்கில் சொல்லிவிட்டது. ஐந்து பேர் கையெழுத்திட்டால் கடன் ஐந்தாகப் பிரிவதும் இல்லை. வங்கி முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். கொடுத்தவர் மற்ற நால்வரிடம் பங்கு கேட்கலாம். அது அவர்களுக்குள் நடக்கும் தனி வழக்கு.

சட்டம் ஜாமீன்தாரருக்குச் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. அவரைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால் அதன் பிறகான பரிவர்த்தனைகளுக்கு அவர் பொறுப்பில்லை. வங்கி ஈட்டுப் பொருளைக் கைநழுவ விட்டால் அந்த மதிப்புக்கு அவர் விடுதலை பெறலாம். தொடர் ஜாமீனை, இனி நடக்கப்போகும் பரிவர்த்தனைகளுக்கு, நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் வங்கியின் ஜாமீன் பத்திரத்தில் ‘133, 134, 135, 139, 141 பிரிவுகளின் கீழுள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில் மேலே சொன்ன பாதுகாப்புகளில் பெரும்பகுதி போய்விடும். நோட்டீஸ் கொடுத்து நிறுத்தும் உரிமையைக்கூட ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்க முடியும் என்று 2008-இல் சீதாராம் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இப்போது ஐந்து பேரையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

அண்ணனும் தம்பியும் தொழிலை நடத்துபவர்கள். அவர்களிடம் சொந்த ஜாமீன் கேட்பதை எந்த வங்கியும் விடாது. கம்பெனி பிரைவேட் லிமிடெட், பொறுப்பு முதலீட்டோடு முடியும் என்ற பாதுகாப்பு இந்தக் கையெழுத்தோடு வங்கிக் கடனைப் பொறுத்தவரை இல்லாமல் போகிறது. கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய், வேறொருவர் அதை வாங்கி, வங்கிக்குக் கடனில் ஒரு பகுதி மட்டும் கிடைத்து முடிந்தாலும் இவர்கள் தானாக விடுபட மாட்டார்கள். மீதிக்கு வங்கி இவர்களைக் கேட்கலாம். 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

மூன்று வருடம் கழித்துத் தம்பி பிரிந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பங்கை எழுதிக் கொடுத்து, டைரக்டர் பதவியை ராஜினாமா செய்து, கணக்கு முடித்துவிடுகிறார். ஜாமீன் மட்டும் அப்படியே இருக்கும். ராஜினாமா கடிதம் கம்பெனிக்குத்தான் போனது. ஜாமீன் பத்திரம் வங்கியோடு போட்ட தனி ஒப்பந்தம். அதன் பிறகு அண்ணன் எடுக்கும் பணத்துக்கும் தம்பியே பொறுப்பாகலாம். ஜாமீன் வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல் இது. பாகப் பிரிவினையோ விலகலோ பேசும்போதே, ‘வங்கி எழுத்து மூலம் ஜாமீனை விடுவிக்கும் வரை பங்கு மாற்றம் நடக்காது’ என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் நிலை வேறு. அவர் வீட்டைக் கொடுக்கிறார். அதோடு ஜாமீனும் போடச் சொல்கிறார்கள். இவை இரண்டு வேறு பொறுப்புகள். வீட்டை மட்டும் அடமானம் வைத்தால் அவருடைய இழப்பு அதிகபட்சம் அந்த வீடு. ஜாமீனும் போட்டால் வீடு விற்ற பிறகு மீதிப் பாக்கிக்கு அவருடைய வைப்புத் தொகை, ஊரில் உள்ள காலி மனை எல்லாமே கேள்விக்குள்ளாகும். வங்கியிடம் நேராகக் கேளுங்கள்: அப்பா அடமானம் தருபவராக மட்டும் இருக்கட்டும். சொத்து உரிமையாளர் ஜாமீனும் போட்டாக வேண்டும் என்பது எங்கள் விதி என்று சொன்னால், ‘என் பொறுப்பு இந்தச் சொத்தை விற்று வரும் தொகைக்கு மேல் போகாது’ என்ற வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லா வங்கியும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் ஈட்டின் மதிப்பு கடனை விட அதிகமாக இருக்கும் இந்த உதாரணத்தில் கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது, கேட்காமல் விடுவது தவறு.

மருமகள்கள் இருவருக்கும் கம்பெனியில் பங்கும் இல்லை, பதவியும் இல்லை. அவர்களை ஜாமீனுக்குச் சேர்ப்பது, பின்னால் சொத்து மனைவி பெயருக்கு மாறிவிடாமல் தடுப்பதற்கு. மற்ற ஈடும் ஜாமீனும் போதுமான கடனில் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து. அவர்களில் ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக் கடனின் ஜாமீன் அவருடைய சிபில் அறிக்கையில் ஏறும். நாளைக்கு அவர் தன் சம்பளத்தில் வீட்டுக் கடன் கேட்டால் அந்த ஒரு கோடியும் எதிரே வந்து நிற்கும். ஜாமீன்தாரரிடம் பணம் இருந்தும் வங்கி கேட்டபோது கொடுக்க மறுத்தால், தொகை 25 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும்போது, வேண்டுமென்றே கட்டாதவர் பட்டியலில் அவரையும் சேர்க்க ரிசர்வ் வங்கியின் 2024 ஜூலை விதிகள் இடம் தருகின்றன.

ஜாமீன்தாரர்கள் சொத்து விவரப் பட்டியல் ஒன்றையும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கடன் கிடைக்க வேண்டுமே என்று கூட்டுக் குடும்பச் சொத்தையும் முழுதாகத் தன் பெயரில் காட்டி, மதிப்பை ஏற்றி எழுதுவது சகஜமாக நடக்கிறது. பின்னால் எதை முடக்கலாம் என்று வங்கியின் வக்கீல் தேடும் முதல் காகிதம் அதுதான். உண்மையை மட்டும், தன் பங்கை மட்டும் எழுத வேண்டும்.

கெட்ட பிறகு நடப்பது

நம் கம்பெனிக்குத் திரும்புவோம். சி.சி.யில் 54 லட்சம், மெஷின் கடனில் 32 லட்சம், மொத்தம் 86 லட்சம் பாக்கி. வாராக் கடன் ஆன பிறகு, ஈட்டுச் சொத்தை வங்கி நேரடியாக எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் பிரிவு 13(2)-இன்கீழ் நோட்டீஸ் வரும்: 60 நாளில் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். தவறிய பகுதியை மட்டும் கேட்க மாட்டார்கள். நோட்டீஸ் கம்பெனிக்கும் ஜாமீன்தாரர்களுக்கும் அப்பாவுக்கும் போகும். இதற்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். 60 நாள் முடிந்ததும் வீட்டை எடுத்துக்கொள்ளும் நடவடிக்கை தொடங்கும். நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. அந்த நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பணத்தைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். ஏல நாள் வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இழந்தவர்கள் உண்டு.

ஏலத்தில் 1 கோடியே 20 லட்சம் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. உள்ளே ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு ஏலம் கேட்பவர்கள் விலையைக் குறைத்தே கேட்பார்கள். 80 லட்சத்துக்குப் போனால், வட்டியும் செலவும் சேர்ந்து 95 லட்சமாகியிருக்கும் பாக்கியில் 15 லட்சம் மிஞ்சும். அந்த 15 லட்சத்துக்குத்தான் ஐந்து ஜாமீன் கையெழுத்துகளும் உயிர் பெறுகின்றன. இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். சர்ஃபேசி சட்டத்தை ஈடாக வைத்த சொத்தின் மேல் மட்டுமே பயன்படுத்த முடியும். ஜாமீன்தாரரின் மற்ற சொத்துகளைத் தொட வங்கி வழக்குப் போட வேண்டும். 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயம், அதற்குக் கீழ் என்றால் சிவில் நீதிமன்றம். விவசாய நிலத்துக்கு விலக்கு என்று சொல்வதும் சர்ஃபேசி சட்டத்துக்கு மட்டும்தான், நிலத்தில் உண்மையில் விவசாயம் நடந்தால் மட்டும்தான். தீர்ப்பாயமோ நீதிமன்றமோ வழியாக வந்தால் அந்த விலக்கு துணைக்கு வராது.

அப்பா இடையில் இறந்துவிட்டாலும் அடமானம் அப்படியே நிற்கும். ஜாமீன் பொறுப்பு வாரிசுகளுக்கு அவர்கள் பெற்ற சொத்தின் அளவுக்கு இறங்கும். தொழிலில் சம்பந்தமே இல்லாத மகளின் பங்கும் இதில் அடங்கும். அதனால் பத்திரத்தை ஒப்படைக்கும் முன் அந்த மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வாராக் கடன் ஆவதற்கு முன்பே ஒரு கதவு இருக்கிறது. சிறு தொழில்களுக்கான மறுவாழ்வுத் திட்டத்தின்படி, நலிவின் அறிகுறி தெரிந்தவுடன் வங்கி கணக்கைத் தனியாகப் பிரித்துத் தீர்வு தேட வேண்டும். 2024 ஆகஸ்டில் புரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்றது; அதே நேரத்தில் தொழில் நிறுவனமும் தான் சிறு நிறுவனம் என்பதை ஆவணத்தோடு காட்டி, உரிய நேரத்தில் கோர வேண்டும் என்றது. எனவே சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிந்ததற்கான உத்யம் சான்றிதழைக் கடன் கோப்பில் தொடக்கத்திலேயே சேர்த்து, சேர்த்ததற்கு ஒப்புகையும் வாங்கி வையுங்கள். பையர் பணம் தாமதமாகி டிராயிங் பவர் 42 லட்சத்துக்கு இறங்கிய மாதத்திலேயே எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

பேசித் தீர்க்கும் ஒரே முறைத் தீர்வுக்குப் போனாலும் அந்தக் கடிதத்தில் ஐந்து ஜாமீன்தாரர்களின் பெயரும், எல்லோரும் விடுவிக்கப்படுகிறார்கள் என்ற வாசகமும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள். கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கட்டி முடித்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவாக வேண்டும், செர்சாய் பதிவு நீங்க வேண்டும், கடன் தீர்ந்ததைச் சொல்லும் CHG-4 படிவம் கம்பெனிப் பதிவாளரிடம் போக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த முறை வீட்டை விற்கவோ வேறு வங்கிக்குப் போகவோ முயலும்போது அது தடையாக வரும்.

கையெழுத்து நாளில்

ஆவணங்களின் மாதிரியை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கி, கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடமும் ஒரு சொந்த வக்கீலிடமும் காட்டுங்கள். வங்கியின் வக்கீல் சொத்தைப் பார்ப்பது வங்கிக்காக. அப்பாவும் மருமகள்களும் தனியாக, அவசரமில்லாமல் படிக்க நேரம் கொடுங்கள். வங்கி வாசலில் நின்றுகொண்டு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் பழக்கம் இந்தக் காகிதங்களுக்கு ஆகாது.

ஜாமீன் பத்திரத்தில் தொகைக்கான இடம், தேதிக்கான இடம், கடன் எண்ணுக்கான இடம் மூன்றும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். காலியாக இருந்தால் உங்கள் எதிரிலேயே நிரப்பச் சொல்லுங்கள். தொகை ஒரு கோடி என்றால் ‘ஒரு கோடியும் அதன் வட்டியும் மட்டும்’ என்று இருக்க வேண்டும். ‘எல்லா பாக்கிகளும்’ என்று இருந்தால், சி.சி. நாளைக்கு ஒன்றரைக் கோடியாக உயரும்போது உங்களைக் கேட்காமலே ஜாமீனும் உயரும். பேசி ஒப்புக்கொண்ட மாற்றங்களை மேனேஜர் வாய்ச்சொல்லாகச் சொன்னால் ஏற்காதீர்கள். அவர் அடுத்த வருடம் வேறு கிளையில் இருப்பார். திருத்திய சாங்ஷன் லெட்டராக வாங்கிய பிறகே ஏற்புக் கையெழுத்துப் போடுங்கள். கடன் ஒப்பந்தத்தின் நகலை இணைப்புகளோடு கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நடத்தை நெறிமுறை சொல்கிறது. அதோடு ஜாமீன்தாரர் ஒவ்வொருவரும் தாம் கையெழுத்திட்ட பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கித் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி ஆபீஸ் பீரோவில் இல்லை.